பதினான்கு மாதம் ஒரே ரக இன்சர்ட்: விலை குறைந்ததால் 240-இல் ஓட்டலாமா?

என் லேத்தில் எஃகைக் கடைய நான் வாங்கும் கார்பைடு இன்சர்ட்டின், அதாவது தேய்ந்தால் மாற்றும் வெட்டுத் துண்டின், விலை போன வாரம் 400 ரூபாயிலிருந்து 260 ரூபாய்க்கு இறங்கியது. மறுநாளே பக்கத்துப் பட்டறை நண்பர் வந்துவிட்டார். "விலைதான் குறைந்துவிட்டதே அண்ணா, இனி நிமிடத்துக்கு 240 மீட்டர் வேகத்தில் ஓட்டலாம்தானே?" வாயால் சொன்னால் நம்ப மாட்டார். அதனால் எழுதுகிறேன்.

சரக்கின் மேல் எனக்குக் குறை இல்லை. CNMG 120408, நான்கு முனை. இ.என்.8 எஃகில் 40 மி.மீ. விட்டம், 200 மி.மீ. நீளப் பம்ப் ஷாஃப்ட்டை, சுற்றுக்கு 0.25 மி.மீ. முனை நகரும் ஃபீடில் கடைகிறேன். முனை சட்டென்று உடைவதில்லை. பக்கவாட்டில் ஒரே சீராகத் தேய்ந்து, ஷாஃப்ட்டின் விட்டம் மெல்ல ஏறுவதைக் காட்டி எச்சரித்துவிட்டுத்தான் சாகிறது.

எரிச்சல் எல்லாம் அந்தப் பெட்டியின் மேல்தான். வேகம் நிமிடத்துக்கு 160 முதல் 240 மீட்டர் என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த வேகத்தில் முனை எத்தனை நிமிடம் தாங்கும் என்று ஒரு எழுத்து இல்லை. ஆயுளைச் சொல்லாமல் வேகத்தை மட்டும் சொல்வது, வட்டியைச் சொல்லாமல் கடன் கொடுப்பது போல. முதல் மாதம் என் ஆபரேட்டர் 240-ஐப் பார்த்தார், 240-இல் ஓட்டினார். ஒரு முனைக்கு 17 ஷாஃப்ட்தான் வந்தது.

பிறகு நானே பார்த்தேன். பக்கத் தேய்மானம் 0.3 மி.மீ. ஆனதும் முனையை மாற்றுவது என்று வைத்துக்கொண்டு, 20 மடங்கு பெருக்கும் அளவுக்கண்ணாடியால் அளந்தேன். 160-இல் வெட்டும் நேரம் மட்டும் ஏறக்குறைய 37 நிமிடம் தாங்கியது. 220-இல் பத்து நிமிடம் சொச்சம். வேகம் ஒன்றேகால் மடங்குக்குச் சற்று மேல், ஆயுளோ மூன்றரை மடங்குக்கு மேல் சரிவு. இதைத்தான் அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் 26 ஆண்டு சோதனைகளுக்குப் பின் 1906-இல் VTⁿ = C என்று சொன்னார். V வேகம், T ஆயுள், n-உம் C-உம் முனைக்கும் எஃகுக்கும் ஏற்ப அமையும் எண்கள். என் இரண்டு அளவுகளிலிருந்து n 0.25 என்றும் C சுமார் 394 என்றும் வருகிறது. n கால் பங்கு என்றால், ஆயுள் வேகத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ். வேகம் கூடினால் முனையின் சூடு கூடும், சூட்டில் கார்பைடு இளகும். அதற்குக் கிடைக்கும் தண்டனை இது. ஹைஸ்பீடு ஸ்டீல் முனையில் n இன்னும் சிறியது. அங்கே சரிவு இதைவிடக் கொடியது.

இனி காசு. என் மெஷினுக்கு மணிக்கு 450 ரூபாய், அதாவது நிமிடத்துக்கு ஏழரை. முனை மாற்றி அளவு சரிபார்க்க 2 நிமிடம். பழைய விலையில் ஒரு முனை 100 ரூபாய். மெஷின் நேரமாக மாற்றினால் பதின்மூன்று நிமிடம் சொச்சம். மாற்றும் 2 நிமிடத்தையும் கூட்டி, 1/n − 1-ஆல் பெருக்கினால் செலவு மிகக் குறையும் ஆயுள் வரும். n 0.25 என்றால் அது 3. சிக்கனமான ஆயுள் 46 நிமிடம், வேகம் 150 மீட்டர். ஷாஃப்ட்டுக்குக் கடைசல் செலவு 6.65 ரூபாய். 240-இல் அதுவே 9.80. வெட்டும் நேரத்தில் மிச்சமாவது கால் நிமிடம், அதாவது இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. முனைக்குக் கூடுதலாகப் போவது ஐந்து ரூபாய்.

புதிய விலையில் ஒரு முனை 65 ரூபாய். அதே கணக்கில் ஆயுள் 32 நிமிடம், வேகம் 165. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விலை குறைந்து, வேகத்தில் கிடைத்த சலுகை பதினைந்து மீட்டர். 240-இல் இப்போதும் ஷாஃப்ட்டுக்கு ஒன்றே முக்கால் ரூபாய் அதிகம் போகிறது.

நியாயமாகச் சொன்னால் 240 எப்போதும் தவறல்ல. முனை இலவசம் என்றே வைத்தாலும் 2 நிமிட மாற்றத்துக்கு ஏற்ற ஆயுள் 6 நிமிடம், வேகம் 250-ஐ ஒட்டி. தீபாவளிக்கு முன் ஆர்டர் குவிந்து, மற்ற மெஷின்கள் எல்லாம் இந்த லேத்துக்காகக் காத்திருந்த இரண்டு நாள் நானே 240-இல் ஓட்டினேன். அன்று அந்த நிமிடத்தின் மதிப்பு ஏழரை ரூபாய் இல்லை.

மறுபக்கம், கொஞ்சம் மெதுவாகப் போனால் பெரிய நட்டம் இல்லை. பழைய விலையில் 120-இல் கூடச் செலவு ஷாஃப்ட்டுக்கு அரை ரூபாய்தான் ஏறியது. ஆனால் அதற்கும் வெகுவாகக் கீழே போனால் எஃகு முனையில் ஒட்டிக்கொண்டு பரப்பைக் கிழிக்கும். அங்கே சமன்பாடு செல்லாது. கருந்தோல் போகாத கம்பியிலும் இந்த 394-ஐ நம்பாதீர்கள். அதற்குத் தனியாக இரண்டு வேகத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் இன்னும் இரண்டு பெட்டி வாங்கிவிட்டேன். வாங்க வேண்டாம் என்று நண்பரிடம் மட்டும் சொல்வேன். அவரும் பெட்டியைத்தான் படிப்பார்.