இரட்டையரை எதிரே நிறுத்தினால் எந்த அளவுகோல் தாங்கும்?

ஒருவர் முகத்தை இன்னொருவர் வீடியோவில் பொருத்தும் ஃபேஸ் ஸ்வாப் மாடல்களைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் "அடையாளம் 97 சதவீதம் காப்பாற்றப்பட்டது" என்ற மாதிரி ஒரு எண் கண்ணில் படும். எதோடு ஒப்பிட்டு 97 என்பதுதான் கேள்வி.

பெரும்பாலும் அது தேடல் முறையில் வந்த எண். ஃபேஸ்ஃபாரன்சிக்ஸ்++ தொகுப்பில் 1000 யூடியூப் வீடியோக்கள் இருக்கின்றன. மாற்றிய முகத்தைக் கொடுத்து, இந்தக் கூட்டத்தில் யாருக்கு மிக நெருக்கம் என்று முக அடையாள மாடலிடம் கேட்பார்கள். முகத்தைக் கொடுத்த மூல ஆள் முதலில் வந்தால் பாஸ். ஃபேஸ்ஷிஃப்டர் என்ற ஸ்வாப் மாடல் இதில் 97.38 எடுத்தது, சிம்ஸ்வாப் என்ற இன்னொன்று 92.83. ஆனால் அந்தக் கூட்டத்தில் மூல ஆளின் அச்சு அசலான இன்னொரு முகம் கிடையாது. வட்ட முகம், அகன்ற நெற்றி என்ற அளவுக்கு ஒத்திருந்தாலே முதலிடம் கிடைத்துவிடும். மாடல்களைத் தரம் பிரிக்க இது உதவும். ஆளைக் காப்பாற்றியதா என்பதற்கு இது சாட்சி ஆகாது.

இரண்டாவது வழி நேரடி ஸ்கோர். ஆர்க்ஃபேஸ் போன்ற மாடல் ஒரு முகத்தை 512 எண்களாகச் சுருக்கும். மூலப் படத்தின் எண்களும் மாற்றிய படத்தின் எண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்த்து, ஒரு வரம்பைத் தாண்டினால் 'அதே ஆள்' என்பார்கள். அந்த வரம்பு யாரோ இருவரைப் பிரிக்க வைத்தது. ஒரே கரு இரட்டையர் அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடுவார்கள். தன் ஃபேஸ் ஐடியை வேறொருவர் திறந்துவிடும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று சொல்லும் ஆப்பிளே, இரட்டையருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது என்று சேர்த்தே எழுதுகிறது. இரட்டையர் வேண்டும் என்றுகூட இல்லை. பிரான்சுவா புருனெல் படம்பிடித்த, உறவே இல்லாத 32 ஒத்த முக ஜோடிகளை 2022-இல் ஒரு மரபணு ஆய்வில் மூன்று முக அடையாள மென்பொருள்களிடம் கொடுத்தார்கள். 16 ஜோடிகளை மூன்றுமே ஒன்றாகச் சேர்த்தன.

இந்த முறையில் இன்னொரு கோளாறும் உண்டு. பல ஸ்வாப் மாடல்களுக்குப் பயிற்சி கொடுத்ததே ஆர்க்ஃபேஸ்தான். அதையே தேர்வாளராகவும் வைப்பது, வினாத்தாள் எடுத்தவரிடமே டியூஷன் படித்த கதை.

நான் நம்புவது மூன்றாவது வழியை: இரட்டையரையே அளவுகோலாக வைப்பது. அமெரிக்காவின் ஓஹையோவில் ட்வின்ஸ்பர்க் என்ற ஊரில் இரட்டையர் விழா நடக்கும். 2009, 2010 விழாக்களில் நோட்ர டாம் பல்கலைக்கழகம் 435 பேரை எடுத்த 24,050 படங்கள் ஒரு தொகுப்பாக இருக்கின்றன. வீட்டுக்குள்ளும் வெளியிலும், கண்ணாடியோடும் இல்லாமலும் எடுத்தவை. அதில் ஒரு ஜோடியை A, B என்று வையுங்கள். A-இன் முகத்தை மூன்றாம் ஆளுக்கு மாற்றிவிட்டு இதைக் கணக்கிடுங்கள்:

```
gap = cos(swap, A) - cos(swap, B)
```

cos என்பது இரண்டு முகங்களின் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு. கணக்கு புரிவதற்காகச் சில எண்கள். A-இன் இரண்டு நிஜப் படங்களுக்கு இடையே 0.72, A-க்கும் B-க்கும் 0.61 என்று வைப்போம். நிஜ இடைவெளி 0.11. மாற்றிய படம் A-உடன் 0.64, B-உடன் 0.60. வரம்பு 0.40 என்றால் நேரடி முறையில் தாராளமாகப் பாஸ். இடைவெளியோ வெறும் 0.04. அதாவது A-யை B-யிடமிருந்து பிரிக்கும் வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. வந்திருப்பது அந்தக் குடும்பத்து முகம், A அல்ல.

இதில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஸ்வாப்புக்குக் கொடுத்த அதே படத்தை வைத்து அளக்கக் கூடாது. அந்த வெளிச்சமும் அந்தச் சிரிப்பும் சேர்ந்து ஸ்கோரை ஏற்றிவிடும். A-க்கு வேறு நேரத்தில் எடுத்த நாலைந்து படம், B-க்கும் அதே மாதிரி நாலைந்து, இரண்டுக்கும் சராசரி. அளக்கும் மாடலும் ஸ்வாப் மாடல் படித்த மாடலாக இருக்கக் கூடாது. நிஜ இடைவெளியே பூஜ்யத்தை ஒட்டி வந்தால், அந்த மாடலுக்கு அந்த ஜோடியைப் பிரிக்கத் தெரியவில்லை என்று அர்த்தம். அந்த ஜோடியை விட்டுவிடுங்கள்.

இடைவெளி ஏன் சுருங்குகிறது? ஆர்க்ஃபேஸுக்குள் போகும் முகம் 112 பிக்சல் சதுரம். கன்னத்தில் 3 மில்லிமீட்டர் மச்சம் அதில் ஏறக்குறைய இரண்டு பிக்சல். மச்சம் இருக்கும் இடம் இரட்டையருக்கு இடையே மாறும், அம்மாக்கள் அதை வைத்துத்தான் பிரிப்பார்கள். 512 எண்களில் அது பெரும்பாலும் தங்காது. அந்த எண்களை மட்டுமே வாங்கி முகம் வரையும் ஸ்வாப் மாடலுக்கு A-இன் மச்சம் தெரிய வழியே இல்லை. சில சமயம் மூன்றாம் ஆளின் மச்சம் அப்படியே நின்றுவிடும்.

அதனால் கண்ணால் பார்ப்பதையும் நான் விடுவதில்லை. ஆனால் 'ஒரே ஆளா?' என்று கேட்டால் அறிமுகமில்லாதவர்கள் ஆம் என்றே சொல்வார்கள். A, B இருவரின் படத்தையும் பக்கத்தில் வைத்து, 'இது இவர்களில் யார்?' என்று கேட்க வேண்டும். ஐம்பது பேரில் இருபத்தைந்து பேர் சரியாகச் சொன்னால், அது காசு சுண்டிப் பார்த்ததற்குச் சமம்.