மஞ்சள் டாலரும் மைக் செட் பாட்டும்: யூடியூப் ஸ்டூடியோவோடு நான்கு வருடம்

போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி, யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள் தங்கள் வீடியோக்களை நிர்வகிக்கும் ஸ்டூடியோ பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தான். "அண்ணே, சேனல் போச்சா?" என்று கீழே ஒரு வரி. படத்தில் ஒரே வீடியோவுக்கு நேராக இரண்டு விஷயம் தெரிந்தது. Restrictions என்ற கட்டத்தில் Copyright. அதோடு, குறைந்த விளம்பரம் மட்டுமே வரும் அல்லது எதுவும் வராது என்று சொல்லும் மஞ்சள் டாலர் குறி. அவன் இரண்டையும் ஒரே தண்டனை என்று நினைத்துவிட்டான். நான்கு வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்தேன், அதற்கு விலையும் கொடுத்தேன். அவனுக்குப் போனில் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அவனுடைய வீடியோ. தென்கடல் பக்கம் கரைவலை இழுக்கிற காட்சி, மொத்தம் பதினான்கு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் ஊர்த் திருவிழாவுக்குக் கட்டிய மைக் செட்டிலிருந்து ஒரு சினிமாப் பாட்டு நாற்பது நொடி போலக் காற்றில் வருகிறது. கடைசியில் அவனுடைய அம்மா கரையிலேயே உட்கார்ந்து ஒரு பெரிய திருக்கையை அறுக்கிறார். அந்தக் காட்சியைத்தான் தம்பி வீடியோவின் முகப்புப் படமாகவும் வைத்திருந்தான், கத்தியும் ரத்தமுமாக.

Copyright என்ற சொல்லின் மேல் விரலை வைத்தால் SEE DETAILS என்று வரும். அதைத் திறந்தால் எந்தப் பாட்டு, வீடியோவில் எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை, உரிமை கோருவது யார், அதனால் என்ன ஆகும் என்று நான்கும் இருக்கும். இவனுக்கு வந்திருந்தது Content ID உரிமைக்கோரல். ஒரு இயந்திரம் ஒலியை ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது. வீடியோவை எல்லோரும் பார்க்கலாம், ஆனால் விளம்பரப் பணம் பாட்டுக்காரருக்குப் போகும். இது ஸ்ட்ரைக் இல்லை, சேனலுக்கு இதனால் கெட்ட பெயர் சேராது. ஸ்ட்ரைக் என்பது உரிமையாளர் சட்டப்படி வீடியோவை நீக்கச் சொல்லும்போது வருவது. 90 நாளில் மூன்று சேர்ந்தால்தான் சேனலுக்கே ஆபத்து. "போகலடா, நிம்மதியா தூங்கு" என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன்.

மஞ்சள் குறி வேறு துறையிலிருந்து வருவது. அதற்கும் பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை. விளம்பரதாரர் தன் பொருளை இந்தக் காட்சிக்குப் பக்கத்தில் காட்டச் சம்மதிப்பாரா என்ற கணக்கு அது. ரத்தம், வன்முறை, கெட்ட வார்த்தை, அதிர்ச்சி தரும் காட்சி இப்படி அதற்குத் தனி விதிகள் உண்டு. வீடியோவை மட்டும் பார்ப்பதில்லை, தலைப்பையும் முகப்புப் படத்தையும் விவரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். பாட்டை நீக்கினாலும் மஞ்சள் அப்படியே இருக்கலாம். மஞ்சள் மாறி, விளம்பரம் முழுதாக வரும் என்று சொல்லும் பச்சை ஆனாலும் கோரல் இருக்கும்வரை பணம் நமக்கு வராது. இதுதான் அந்த ஸ்கிரீன்ஷாட்டில் படிக்க வேண்டிய விஷயம்: இரண்டு பூட்டு, இரண்டு சாவி.

இனி என் கதை. 2023-ல் நெத்திலி காயப்போடுகிற ஒரு வீடியோவில் டீக்கடை ரேடியோப் பாட்டு இருபது நொடி வந்தது. கோரல் விழுந்தது. முப்பது நொடிக்குள் இருந்தால் யாரும் கேட்க முடியாது என்று எங்கள் வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. அப்படி ஒரு விதி கிடையாது, அது முழுப் பொய். இருபது நொடிக்கும் கோரல் வரும், ஐந்து நொடிக்கும் வரும். அது தெரியாமல், கோரலை எதிர்ப்பதற்கான Dispute அழுத்தினேன். காரணம் கேட்டார்கள். சொந்தப் படைப்பா, உரிமம் இருக்கிறதா, நியாயமான பயன்பாடா, பொதுச் சொத்தா என்று நான்கு வாய்ப்புகள். நியாயமான பயன்பாடு என்று தேர்ந்தெடுத்துக் கீழே என் பெயரைக் கையெழுத்தாக அடித்தேன். அந்தப் பாட்டைப் பற்றி நான் அந்த வீடியோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எங்கே நியாயமான பயன்பாடு?

Dispute போட்டால் அது முதலில் உரிமை கோரியவரிடமே போகிறது. பதில் சொல்ல அவருக்கு 30 நாள். என் வழக்கில் அந்த இசை நிறுவனம் இருபத்தொன்பதாம் நாள்தான் வாயைத் திறந்தது, மறுப்பதற்காக. வீடியோவுக்கு உயிர் முதல் வாரத்தில்தான். ஒரு மாதம் கழித்து வரும் பதிலால் யாருக்கு என்ன பயன்? கோபத்தில் மேல்முறையீடு செய்தேன். அதற்கு அவர்களுக்கு 7 நாள். இந்த முறை அவர்கள் வீடியோவை நீக்கும்படி கேட்டார்கள், எனக்கு ஸ்ட்ரைக் விழுந்தது. பதிப்புரிமை வகுப்பு ஒன்றை முடித்துவிட்டு 90 நாள் காத்திருந்தேன். அந்தக் காலத்தில் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. எதிராளியின் மேல் கோபம் இன்னும் இருக்கிறது, ஆனால் பாட்டு அவர்களுடையதுதான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே Dispute எனக்கு நல்லதும் செய்திருக்கிறது. என் பெரியப்பா வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டை ஒரு விடியற்காலை என் போனில் பதிவு செய்தேன். கருவி எதுவும் இல்லை, அவர் குரலும் இழுக்கிறவர்களின் "ஏலோ"வும் மட்டும்தான். அதற்கும் ஒரு கோரல் வந்தது. யாரோ அதே மெட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிப் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள், அந்த மெட்டோடு இது பொருந்திவிட்டது. தலைமுறையாக வரும் பாட்டு பொதுச் சொத்து. ஆனால் ஒருவர் அதைப் பாடி எடுத்த ஒலிப்பதிவுக்கு உரிமை அவருடையது. நான் அந்தப் பதிவைத் தொடவில்லை, என் பதிவு கடற்கரையில் எடுத்தது. இதை நான்கு வரியில் எழுதி, எந்த நாள் எங்கே யார் பாடினார் என்று சேர்த்தேன். பன்னிரண்டாம் நாள் கோரலை எடுத்துவிட்டார்கள்.

அதைவிட மகிழ்ச்சி பணத்தில் கிடைத்தது. கோரல் வந்த மூன்றாம் நாளே Dispute போட்டிருந்தேன். ஐந்து நாளுக்குள் போட்டால் கோரல் விழுந்த முதல் நாளிலிருந்து வரும் விளம்பர வருமானத்தை யூடியூப் தனியாக எடுத்து வைக்கிறது. ஜெயிப்பவருக்கு அது போகும். ஐந்து நாள் தாண்டிவிட்டால் Dispute போட்ட நாளிலிருந்துதான் எடுத்து வைப்பார்கள், அதற்கு முந்தையது நமக்கு இல்லை. எனக்கு முதல் நாள் காசும் சேர்ந்தே வந்தது. பெரியப்பாவுக்கு அதில் ஒரு வேட்டியும் துண்டும் வாங்கிக் கொடுத்தேன்.

சரி, தம்பியின் வீடியோவுக்கு வருவோம். பாட்டு அவனுடையது இல்லை, உரிமமும் இல்லை. அதனால் Dispute பக்கமே போகாதே என்றேன். மிச்சம் இருந்த வழிகள்: அப்படியே விட்டுவிடலாம், வருமானம் அவர்களுக்குப் போகும், வேறு கெடுதல் இல்லை. அந்த நாற்பது நொடியை வெட்டலாம். பாட்டை மாற்றலாம். பாட்டை மட்டும் மௌனமாக்கலாம்.

Replace song என்பதை நான் விரும்புவதில்லை. வலை இழுக்கிற இடத்தில் எங்கிருந்தோ ஒரு கிதார் இசை வந்து உட்காரும். Mute song நல்லது, அதில் பாட்டை மட்டும் எடுத்துவிட்டுப் பேச்சை விட்டுவைக்கும் வாய்ப்பு உண்டு. நம் கடற்கரையில் அது எப்படி வேலை செய்கிறது என்று பலமுறை பார்த்துவிட்டேன். மைக் செட் தூரத்தில் இருந்தால் ஆட்களின் குரல் நன்றாக நிற்கிறது, அலைச் சத்தம்தான் தட்டையாகி, பானைக்குள்ளிருந்து கேட்பது போல ஆகிறது. பக்கத்தில் இருந்தால் பாட்டு முழுதாகப் போகாது, கோரலும் போகாது. வெட்டுவதுதான் உறுதி. வேலை முடிய சில மணி நேரம் ஆகும், அதுவரை பழைய வீடியோவே ஓடும். முடிந்ததும் கோரல் தானாக நீங்கிவிடும். வெட்டியது திரும்ப ஒட்டாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் இருந்தால், மூல வீடியோ கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு அழுத்த வேண்டும்.

அவனுக்கு மைக் செட் தூரம்தான். முதலில் பாட்டை மட்டும் மௌனமாக்கச் சொன்னேன். மறுநாள் காலை Copyright என்ற சொல் போய்விட்டது, மஞ்சள் மட்டும் நின்றது.

மஞ்சளுக்கு மனிதர் ஒருவர் பார்க்கும்படி மறு ஆய்வு கேட்கலாம். ஒரு வீடியோவுக்கு ஒருமுறைதான், ஒரு வாரம்வரை ஆகலாம், அவர் சொல்வது கடைசி முடிவு. அதனால்தான் வரிசை முக்கியம். எல்லாத் திருத்தத்தையும் முடித்துவிட்டுக் கடைசியில் கேட்க வேண்டும். பதற்றத்தில் முதலிலேயே கேட்டுவிட்டு, பிறகு முகப்புப் படத்தை மாற்றிப் பயனில்லை. அவனுக்கு வந்த அறிவிப்பில் எந்த நொடி பிரச்சினை என்று இல்லை, நாமேதான் ஊகிக்க வேண்டியிருந்தது. என் ஊகம் முகப்புப் படமும் அறுக்கிற காட்சியும். "படத்தை மாத்து, அறுக்குற இடத்துல அம்மாவோட முகத்தையும் கையையும் வச்சிட்டு, ரத்தம் பக்கத்துல வர்ற பத்து நொடியை எடுத்துரு. அப்புறம் கேளு" என்றேன்.

நான்கு வருடக் கணக்கில் ஸ்டூடியோவுக்கு நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது. நொடி வரை இடத்தைக் காட்டுகிறது, கேட்ட இடத்தில் பாட்டை எடுக்கிறது, என் பெரியப்பாவின் காசைப் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தது. அப்புறம், வீடியோவை வெளியிடுவதற்கு முன்பே Checks என்ற படியில் கோரலும் விளம்பரத் தகுதியும் தெரிந்துவிடுகிறது. தனிப்பட்டதாக ஏற்றிவிட்டு அது முடியும்வரை பொறுத்திருந்தால் இந்தக் குழப்பத்தில் பாதி வராது. இவ்வளவு இருந்தும், இந்த வருமானத்தை நம்பி வலையை விடலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பேன். 30 நாள் ஒருவர் பேசாமல் இருந்துவிடலாம் என்ற விதி இருக்கும்வரை என் மனம் இதில் ஒட்டாது.

தம்பி முகப்புப் படத்தை மாற்றினான். பத்து நொடியை வெட்டவில்லை. "அம்மா அறுக்குறதப் பாக்கத்தான்ணே நம்ம ஆளுங்க சவுதியிலேர்ந்து வாராங்க" என்றான். அப்படியே மறு ஆய்வு கேட்டான். ஐந்தாம் நாள் பதில் வந்தது: மஞ்சள்தான். அவன் வீடியோவை மாற்றாமல் விட்டுவிட்டான். நேற்று அடுத்த திருக்கைக்கு வடகடல் பக்கம் போயிருக்கிறான்.