தினமும் ஒரு தேக்கரண்டி வெந்தயம்: ஏழு வருடக் கணக்கு

வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறேன். ஏழு வருடங்களுக்கு முன் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து, ஊருக்குப் போகும் நாட்களைத் தவிர, காலையில் வெந்தயம் சாப்பிடாமல் இருந்ததில்லை. "தினமும் சாப்பிடலாமா, ஒன்றும் செய்யாதா?" என்று துணி கொடுக்க வருகிறவர்கள் கேட்கும்போது ஒரே வரியில் பதில் சொல்ல முடிவதில்லை. நடுவில் ஒரு மூன்று வாரம் அது எனக்கு நன்றாகவே "செய்துவிட்டது".

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தேக்கரண்டி என்று எல்லோரும் சொல்கிறார்கள், எத்தனை கிராம் என்று யாரும் சொல்வதில்லை. தெருமுனை மளிகைக் கடைத் தராசில் தலை தட்டிய பத்துக் கரண்டியை ஒன்றாகக் கொட்டிப் பார்த்தேன். 40 கிராம். ஆக, ஒரு கரண்டி 4 கிராம். இதைத்தான் இரவு ஒரு தம்ளர் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் தண்ணீரைக் குடித்துவிட்டு விதையை மென்று தின்கிறேன். இந்த அளவில் எனக்கு நேர்ந்ததெல்லாம் முதல் நான்கைந்து நாட்கள் கொஞ்சம் வயிற்று உப்புசம், அவ்வளவுதான்.

கசப்பைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது, என் கதையே அதில்தான் மாட்டிக்கொண்டது. ஊறிய விதை ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். மேல் தோலுக்கு அடியில் கண்ணாடி போல ஒரு வழுவழுப்பான படலம் வரும். அதற்கும் உள்ளே மஞ்சளாக இரண்டு பருப்பு. கொழகொழப்பை மட்டும் நாக்கில் வைத்தால் கசப்பு அவ்வளவாகத் தெரியாது. மஞ்சள் பருப்பைக் கடித்தால் முதலில் பச்சைப் பயறு போலத்தான் இருக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதற்குள் அடிநாக்கில் ஏறும், பிறகு கால் மணி நேரம் இறங்காது.

அந்தக் கசப்புக்கு முக்கியமான காரணம் சபோனின் என்ற வகைச் சேர்மங்கள். பூந்திக்கொட்டையைத் தண்ணீரில் தேய்த்தால் நுரை வருகிறதே, அது இந்த வகையால்தான். பூச்சியும் பூஞ்சையும் விதையை அண்டாமல் இருக்கச் செடி செய்துகொண்ட ஏற்பாடு இது. டிரைகோனெலின் என்ற இன்னொரு பொருளும் கசப்புக்குக் கொஞ்சம் துணைபோகிறது. வெந்தயச் செடியின் தாவரவியல் பெயரான டிரைகோனெல்லாவிலிருந்து வந்த பெயர் அது. காப்பிக் கொட்டையிலும் அது உண்டு. வறுக்கும்போது அதில் ஒரு பங்கு நியாசின் என்ற பி வைட்டமினாக மாறுகிறது. வறுத்த வெந்தயம் சற்றுச் சாந்தமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த வறுவல் நூலிழை வித்தியாசத்தில் கெட்டுப்போகும். சிறு தீயில் வெறும் வாணலியில், நிறம் லேசாகச் சிவந்து வாசனை எழும்பும்போதே தட்டில் கொட்டிவிட வேண்டும். வாணலியிலேயே விட்டுவிட்டால் அந்தச் சூட்டிலேயே கருகி, பச்சை விதையைவிட மோசமாகக் கசக்கும். வத்தக்குழம்பு கசந்துபோனதென்றால் பத்தில் ஒன்பது முறை குற்றம் வெந்தயத்தின் மேல் இல்லை, தாளிக்கும்போது தொலைபேசியை எடுத்த கையின் மேல்தான். சரியாகச் சிவந்த வெந்தயத்தின் மிச்சக் கசப்பை உப்பும் புளியும் ஒரு துண்டு வெல்லமும் மறைத்துவிடுகின்றன. குறிப்பாக உப்பு. கசப்பை நாக்குக்குத் தெரியவிடாமல் அடக்கும் குணம் அதற்கு உண்டு.

முளைகட்டினாலும் கசப்பு குறையும். ஒரு கோடையில் அப்படிச் செய்துபார்த்தேன். வேலூர் வெயிலில் மதியத்துக்குள் துணி முழுவதும் புளித்த வாடை. பச்சையாகத் தின்னாமல் கொட்டியது நல்லதாகப் போயிற்று. 2011-ல் ஜெர்மனியில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிவாங்கிய ஈ.கோலை கிருமித் தொற்றை, எகிப்திலிருந்து வந்த வெந்தய விதையின் முளைகளோடு தொடர்புபடுத்தினார்கள். விதையோடு ஒட்டியிருக்கும் கிருமி முளைகட்டும் வெதுவெதுப்பில் பெருகிவிடும். முளைகட்டத்தான் வேண்டுமென்றால் ஆவியில் நன்றாக வேகவைத்து உண்ணுங்கள்.

இனி அந்த மூன்று வாரம்.

நான்காவது வருடம் சர்க்கரை கொஞ்சம் ஏறியதால், மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடு 1 மில்லிகிராமும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அந்தச் சமயத்தில் குடியாத்தத்திலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். கையில் ஒரு டப்பா நிறைய பச்சை வெந்தயப் பொடி. "ஒரு கரண்டியெல்லாம் எந்த மூலைக்கு, அண்ணி? காலையில் பெரிய கரண்டியால் இரண்டு, மோரில் கலக்கி ஒரே மூச்சில் குடித்துவிடுங்கள். கசப்பே தெரியாது" என்றார். உண்மைதான், கசப்பே தெரியவில்லை. உப்புப் போட்ட மோர் தொண்டையைத் தாண்டும்போது நாக்குக்குச் செய்தி போவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. பிற்பாடு நிறுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, குவித்த பெரிய கரண்டி இரண்டு கிட்டத்தட்ட 25 கிராம். நான் வழக்கமாக உண்பதைப் போல ஆறு மடங்கு. மென்று தின்றிருந்தால் மூன்றாவது தேக்கரண்டியிலேயே நாக்கு நிறுத்தச் சொல்லியிருக்கும்.

முதல் வாரம் பேதியும் வாயுவும். "உடம்பு சுத்தமாகிறது" என்று நாத்தனார் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். அதெல்லாம் சுத்தமில்லை, திடீரென்று நிறைய நார்ச்சத்து குடலுக்குள் போனால் அப்படித்தான் ஆகும். இரண்டாவது வாரம் வியர்வையில் வெல்லப்பாகு காய்ச்சிய வாசனை. மகள் முகர்ந்துவிட்டு, "என்னம்மா இது, பலகாரக் கடைக்குப் போய் வந்தது போல" என்றாள். அது வெந்தயத்தில் உள்ள சோட்டோலோன் என்ற வாசனைப் பொருள், வியர்வையிலும் சிறுநீரிலும் வெளியேறுகிறது. அதனால் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் பிரசவத்தை ஒட்டித் தாய் நிறைய வெந்தயம் உண்டதால் பச்சிளம் குழந்தையின் மேல் இந்த வாசனை வந்து, அரிய பிறவி நோயோ என்று மருத்துவர்கள் சந்தேகித்த சம்பவங்கள் உண்டு. கர்ப்பிணிகள் குழம்பில் வெந்தயம் போடுவதற்குத் தடையில்லை. பொடியாகக் கரண்டிக் கணக்கில் உண்பதைத்தான் தவிர்க்கச் சொல்கிறார்கள்.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் மாத்திரை, மோரில் பொடி, வயிறு கனமாக இருந்ததால் இரண்டே இட்லி. பதினொன்றரை மணிக்கு ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைக்க உட்கார்ந்தேன். ஊசியில் நூல் நுழையவில்லை. நூலை எச்சில் தொட்டு முறுக்கினேன், மறுபடி நுழையவில்லை. கண்ணில் கோளாறு என்று நினைத்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். அப்போதுதான் கை நடுங்குவதைப் பார்த்தேன். முதுகில் வியர்வை சில்லென்று இறங்கியது, இரண்டு நாள் பட்டினி கிடந்ததைப் போலப் பசி. விரலில் குத்திப் பார்த்தால் கருவி 61 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தேன். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தபோது 88. பிறகு சோறு சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

மாலையில் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள்?" சொன்னேன். அவர் விளக்கியது எளிமையாக இருந்தது. வெந்தயத்தின் கொழகொழப்பு கேலக்டோமன்னன் என்ற நார்ச்சத்து. அது வயிற்றில் கூழாக நின்று, உண்ட உணவின் சர்க்கரை ரத்தத்தில் சேர்வதை மெதுவாக்கும். மாத்திரையோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். உள்ளே வரும் சர்க்கரை தாமதம், வெளியே தள்ளும் வேலை மும்முரம், அதிலும் இட்லி இரண்டுதான். வெந்தயத்திலேயே இன்சுலினைத் தூண்டும் அமினோ அமிலம் ஒன்றும் உண்டு என்றார். "25 கிராமைக் கொடுத்து ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். அது மருந்தளவு, கண்காணிப்போடு கொடுத்தது. உங்களுக்கு அந்த அளவு வேண்டுமென்றால் மாத்திரையை நான் குறைக்க வேண்டும். இரண்டையும் நீங்களே ஏற்றிக்கொள்ளக் கூடாது, அம்மா." பழைய ஒரு தேக்கரண்டிக்கே திரும்பினேன். அதன் பிறகு இந்த மூன்று வருடத்தில் 70-க்குக் கீழே ஒருமுறைகூட இறங்கவில்லை.

ஒரு தேக்கரண்டியால் சர்க்கரை குறைந்ததா என்றால் நேர்மையாகச் சொல்ல முடியாது. என் மூன்று மாதச் சராசரி 7.6-லிருந்து 6.9-க்கு வந்தது. அதே சமயத்தில்தான் இரவுச் சோற்றை விட்டுக் கேழ்வரகுக்கு மாறினேன், கோட்டைப் பூங்காவில் நடக்கவும் தொடங்கினேன். மலச்சிக்கல் போனதற்கு மட்டும் வெந்தயத்துக்குத் தயங்காமல் பெயர் கொடுப்பேன்.

இப்போது சில வழக்கங்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். காலை மாத்திரைகளுக்கும் வெந்தயத்துக்கும் நடுவே இரண்டு மணி நேரம் இடைவெளி விடுகிறேன், கூழ் மருந்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால். தைராய்டு மாத்திரை உண்ணும் என் தங்கை காலையில் வெந்தயத்தையே விட்டுவிட்டு மாலைக்கு மாற்றிக்கொண்டாள். உலர்ந்த பொடியை யாரும் வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்க வேண்டாம், தொண்டையிலேயே ஊதி அடைத்துக்கொள்ளும். வேர்க்கடலையோ கொண்டைக்கடலையோ ஒவ்வாதவர்கள் வெந்தயத்திலும் கவனமாக இருக்க வேண்டும், அதுவும் அந்தக் குடும்பத்துப் பயறுதான்.

சென்ற மாதம் நாத்தனார் மறுபடி வந்தார். அவருடைய கணவருக்கு இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் கொடுக்கிறார்கள். அவரும் தினமும் அந்தப் பொடியை மோரில் குடிக்கிறார் என்று பேச்சுவாக்கில் தெரிந்தது. அந்த மருந்தின் வேகத்தை வெந்தயம் கூட்டிவிடலாம் என்று படித்திருந்ததால், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறதா என்று கேட்டேன். இரண்டு வாரமாக வருகிறது என்றார். அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொன்னேன். போனார்கள், பரிசோதனையில் ரத்தம் உறையும் நேரம் அளவுக்கு மேல் நீண்டிருந்தது. பொடியை நிறுத்தச் சொல்லி, ஒரு வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

திரும்பிப் போகும்போது நாத்தனார் டப்பாவை என் வீட்டிலேயே வைத்துவிட்டார். முக்கால் கிலோ இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சிறு தீயில் சூடுகாட்டிக் கத்தரிக்காய்க் குழம்புக்குத் தூவி வருகிறேன், ஒரு குழம்புக்குக் கால் தேக்கரண்டி.