தும்புத்தடி காட்டிய பிழை: பிளாங் பயிற்சியில் இரண்டரை ஆண்டுகள்

கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து, மாலைதோறும் மல்லாந்து படுத்துத் தலையையும் தோள்களையும் உயர்த்தும் கிரஞ்சஸ் பயிற்சியை 150 தடவை செய்து வந்தேன். எட்டு மாதங்கள் கழிந்த பின்னரும் கிணற்றடியிலிருந்து ஒரு கையில் நிறைவாளியைத் தூக்கி வந்தால் நாரி பிடித்துக்கொண்டது; தொப்பையும் அப்படியே இருந்தது. ஓரிடத்துத் தசையை இயக்குவதால் அவ்விடத்துக் கொழுப்பு மட்டும் கரைந்துவிடாது என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை.

கிரஞ்சஸ் வயிற்றின் முன்தசையைச் சுருக்கி முதுகெலும்பை வளைக்கும் பயிற்சி. வாளி தூக்குகையில் நமக்குத் தேவைப்படுவதோ அதற்கு மாறானது: சுமை ஒரு பக்கம் இழுக்க, முதுகெலும்பு சாயாமலும் திரும்பாமலும் வயிறு, விலா, பிட்டத் தசைகள் சேர்ந்து பிடித்திருக்க வேண்டும். அதோடு, நூறாவது கிரஞ்சில் களைப்புத்தான் கூடுகிறதே தவிர, தசை தாங்கும் சுமை கூடுவதில்லை.

ஆகவே முழங்கைகளையும் கால்விரல்களையும் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராகப் பிடித்திருக்கும் பிளாங்குக்கு மாறினேன். ஆனால் பழைய புத்தி போகவில்லை. எண்ணிக்கைக்குப் பதிலாக நேரத்தைத் துரத்தி, ஆறு மாதங்களில் மூன்று நிமிடங்களை எட்டினேன். ஒருநாள், உடற்பயிற்சி பழக்கும் பக்கத்து வீட்டு அண்ணா தும்புத்தடியின் கம்பை என் முதுகில் நீளவாக்கில் வைத்தார். கம்பு பின்தலை, தோள்பட்டைகளின் நடு, பிட்டம் ஆகிய மூன்றிலும் பட வேண்டும்; நாரிப் பள்ளத்தில் உள்ளங்கை நுழையும் அளவு இடைவெளியே இருக்கலாம். எனக்கோ முழுக் கைமுட்டியும் நுழைந்தது. “தம்பி, நீ வயித்தாலை தாங்கேல்லை, நாரியிலை தொங்கிறாய்” என்றார்.

அதன்பின் ஒரு முறைக்குப் பத்துச் செக்கன் மட்டுமே. முழங்கைகளைத் தோள்களுக்கு நேர்கீழே ஊன்றி, பிட்டத்தை இறுக்கி, முழங்கைகளைக் கால்விரல்களை நோக்கி இழுப்பதுபோல் (அவை நகராமல்) முழுவிசையோடு அழுத்த வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது. அடக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். சரியாகச் செய்தால் எட்டாம் செக்கனிலேயே உடல் நடுங்கும். சிறிது ஓய்வெடுத்து ஆறு முறை. முதுகெலும்பு ஆய்வாளரான கனடாவின் ஸ்டுவர்ட் மக்கில்லும் இத்தகைய குறுகிய பிடிப்புகளையே பரிந்துரைப்பவர் என்பதைப் பின்னர் வாசித்தறிந்தேன்.

ஆறும் இலகுவானபோது நேரத்தைக் கூட்டாமல், முழங்கைகளை நான்கு விரலளவு முன்னே நகர்த்தினேன். அந்தச் சிறு மாற்றமே மீண்டும் நடுக்கத்தைக் கொண்டுவந்தது. தோளில் நோவு வந்த வாரங்களில் பின்னே எடுத்தேன். அடுத்து, உள்ளங்கைகளை ஊன்றி, ஒரு கையைத் தூக்கி எதிர்த்தோளைத் தொடும் நிலை. நாரியில் தண்ணீர்க் குவளை ஒன்றை வைத்துப் பார்த்தேன். இடுப்புத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் சட்டை நனைந்தது. கால்களை அகட்டி வைத்த பின்னரே குவளை நின்றது.

முன்தசை தடித்துத் தெரிய வேண்டுமென விரும்புவோருக்குப் பிளாங் மட்டும் போதாது. அவர்கள் பாரமேற்றி வளைக்கும் பயிற்சிகளையும் சேர்க்கலாம். எனக்கு இப்போது கிழமைக்கு மூன்று நாள்கள், பத்து நிமிடங்கள் போதுமாக உள்ளன. வலக்கையில் வாளி தூக்கினால் நாரி பேசுவதேயில்லை. பக்கவாட்டுப் பிளாங்கில் மட்டும் இடப்பக்கம் ஆறாம் செக்கனில் இடுப்பை இறக்கிவிடுகிறது; அந்தப் பக்கத்தை இன்னமும் முழங்காலை ஊன்றியே செய்கிறேன்.