வருஷ நடுவில் வேலை மாறினால்: டிபி3 பாரம் கொடுப்பதா, ஏப்ரலில் மொத்தமாகக் கட்டுவதா?

கோலாலம்பூரில் ஒரு கம்பெனியை விட்டு ஜூலையில் பினாங்கு பாயான் லெப்பாஸ் பக்கம் வேலைக்கு வந்தபோது என் முன்னால் இரண்டு வழி இருந்தது. பழைய சம்பள விவரத்தை டிபி3 பாரத்தில் எழுதிப் புது முதலாளியிடம் கொடுப்பது ஒன்று. எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டு, அடுத்த வருஷம் இ-ஃபைலிங் செய்யும்போது விட்டுப்போன வரியை ஒரே அடியாகக் கட்டுவது இன்னொன்று. நான் முதல் வழியில் போனேன். அதே சமயத்தில் வேலை மாறிய நண்பன் இரண்டாவது வழியில் போனான், இன்னமும் அதுதான் புத்திசாலித்தனம் என்கிறான்.

எந்த வழியில் போனாலும் மொத்த வரி ஒன்றுதான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் டிபி3 கொடுத்தால் வரி கூடிவிடும் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாறுவது எப்போது கட்டுகிறோம் என்பது மட்டும்தான்.

பற்றாக்குறை எப்படி வருகிறது என்பதை ஒரு கணக்கு போட்டே பார்த்துவிடலாம். ஜனவரி முதல் ஜூன் வரை மாதம் 6,000 ரிங்கிட், ஜூலை முதல் டிசம்பர் வரை 7,000 ரிங்கிட். கல்யாணமாகாதவர், சொந்தக் கழிவு 9,000, இ.பி.எஃப். கழிவு அதிகபட்சம் 4,000, வேறு கழிவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முதல் முதலாளி வருஷம் முழுக்க இவர் இங்கேயேதான் இருப்பார் என்று நினைத்துக் கணக்குப் போடுவார். 72,000இல் 13,000 கழித்தால் 59,000. 2023ஆம் மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள விகிதப்படி முதல் 50,000க்கு 1,500 ரிங்கிட், அதற்கு மேலே உள்ள 9,000க்கு 11 சதவீதம், ஆக மொத்தம் 2,490. பன்னிரண்டால் வகுத்தால் மாதப் பிடித்தம், அதாவது பிசிபி, 207 ரிங்கிட் 50 சென். ஜூன் வரை 1,245 ரிங்கிட் பிடித்திருப்பார்கள். அதுவரை எல்லாம் சரி.

புது முதலாளிக்கு இந்த ஆறு மாதக் கதை எதுவும் தெரியாது. டிபி3 இல்லாவிட்டால் அவருடைய சம்பளப் புரோகிராம் இந்த ஆள் ஜூலையில்தான் சம்பாதிக்கவே ஆரம்பித்தார் என்று எடுத்துக்கொள்ளும். 42,000 ரிங்கிட் வருமானம், அதில் மறுபடியும் முழு 9,000, மறுபடியும் முழு 4,000 கழிவு. மிச்சம் 29,000தான். அதற்கு வரி 420. அத்தோடு முடியவில்லை. வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருந்தால் 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு, புரோகிராம் அதையும் தாராளமாகக் கொடுத்துவிடும். ஆறு மாதத்துக்கும் சேர்த்து மிஞ்சுவது 20 ரிங்கிட், மாதத்துக்கு 3 ரிங்கிட் சொச்சம். கணக்கில் வரும் பிசிபி 10 ரிங்கிட்டுக்குக் குறைவாக இருந்தால் பிடிக்கவே தேவையில்லை என்பது விதி. ஆக, சம்பளம் ஆயிரம் ரிங்கிட் கூடிய ஆளுக்கு ஜூலை சம்பளச் சீட்டில் பிசிபி பூஜ்யம்! நண்பன் அதைப் பார்த்துவிட்டு இந்தக் கம்பெனி நல்ல கம்பெனி என்றான்.

உண்மைக் கணக்கு இது: 36,000 கூட்டல் 42,000, மொத்தம் 78,000. கழிவு ஒரே ஒரு முறைதான், 13,000. வரிக்குரியது 65,000. முதல் 50,000க்கு 1,500, மீதி 15,000க்கு 11 சதவீதம் 1,650. மொத்த வரி 3,150. அந்த 400 ரிங்கிட் தள்ளுபடிக்கு இதில் இடமே இல்லை. கட்டியிருப்பது 1,245, பாக்கி 1,905.

ரெண்டு முதலாளியும் தப்பாகப் பிடிக்கவில்லை, இதுதான் இதில் வேடிக்கை. அவரவருக்குத் தெரிந்ததை வைத்து அவரவர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். ஒரே கழிவும் ஒரே குறைந்த விகிதப் படிகளும் ரெண்டு இடத்தில் கிடைத்துவிட்டதுதான் கோளாறு.

இப்போது டிபி3 கொடுத்தால் என்ன ஆகும்? புது முதலாளி மொத்த 65,000ஐயும் பார்ப்பார், ஏற்கெனவே பிடித்த 1,245ஐயும் பார்ப்பார், மீதி 1,905ஐ ஆறால் வகுத்து மாதம் 317 ரிங்கிட் 50 சென் பிடிப்பார். ஏப்ரலில் பாக்கி இருக்காது. பழைய பிடித்தம் 207 என்று பழகியவருக்கு இது கொஞ்சம் உறுத்தும், ஆனால் புதுச் சம்பளத்தோடு சேர்ந்தே வருவதால் தாங்கிக்கொள்ளலாம்.

நண்பனின் வாதம், பணம் என் கையில் இருக்கட்டுமே என்பது. நியாயம்தான். சம்பளக்காரருக்கு இந்தப் பாக்கிக்காக வட்டி கிடையாது, ஏப்ரல் 30க்குள் கட்டினால் போதும். ஆனால் லாபம் எவ்வளவு? அந்த 317 ரிங்கிட்டுகளை மாதாமாதம் 3 சதவீத வைப்புத்தொகையில் போட்டு ஏப்ரல் வரை வைத்திருந்தாலும் 30 ரிங்கிட் சொச்சம்தான் தேறும். கெடுவுக்குள் கட்டாமல் விட்டால் பாக்கியில் 10 சதவீதம் அபராதம், இந்தக் கணக்கில் 190 ரிங்கிட் 50 சென். முப்பதுக்கு ஆசைப்பட்டு நூற்றுத்தொண்ணூறைப் பணயம் வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதுவும் நடுவில் ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஜனவரியில் பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் பள்ளிச் செலவு என்று எல்லாம் வந்து போகும்போது, 1,905 ரிங்கிட் தொடாமல் கிடக்குமா என்று அவரவரே யோசித்துக்கொள்ளலாம்.

அவன் பக்கம் இன்னொரு காரணம் இருக்கிறது, பலர் வெளியே சொல்லாதது. டிபி3 கொடுத்தால் பழைய சம்பளம் புது எச்.ஆர். கண்ணில் பட்டுவிடும். பேரம் பேசும்போது கூட்டிச் சொன்னவர்களுக்குச் சங்கடம்தான். ஆனால் பழைய முதலாளியிடம் அதே ஆண்டில் வாங்கியதை இந்தப் பாரத்தில் தெரிவிப்பது ஊழியரின் கடமை என்றே பிசிபி விதி சொல்கிறது. அதனால் விருப்பம் இருந்தால் கொடுக்கலாம் என்ற ரகத்தில் இதைச் சேர்க்க முடியாது. என் அனுபவத்தில் எச்.ஆரில் அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை, எல்லா இடத்திலும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன்.

பாரம் நிரப்புவது சுலபம், கடைசி சம்பளச் சீட்டில் ஆண்டு மொத்தம் என்று ஒரு வரிசை இருக்குமே, அதைப் பார்த்து எழுதினால் போதும். முதலாளி தரும் ஆண்டுச் சம்பளச் சான்றான இஏ பாரத்துக்காகக் காத்திருக்கக்கூடாது, அது அடுத்த பிப்ரவரி கடைசியில்தான் வரும். முக்கியமாக ரெண்டு எண்கள்: மொத்தச் சம்பளம், பிடித்த பிசிபி. சம்பளத்தை எழுதிவிட்டு பிசிபி கட்டத்தைக் காலியாக விட்டால், பழைய 1,245 கட்டப்படவே இல்லை என்று எடுத்துக்கொண்டு மாதம் 525 பிடிப்பார்கள். சீட்டில் 317க்குப் பதில் 525 வந்தால் எங்கே தப்பு என்று அப்போதே தெரிந்துவிடும். மாறாக பூஜ்யம் வந்தால் பாரம் எச்.ஆர். மேஜையிலேயே தூங்குகிறது என்று அர்த்தம், போய்க் கேளுங்கள். தாமதம் ஆக ஆகச் சுமை கூடும். செப்டம்பர் சம்பளத்தில்தான் ஏறுகிறது என்றால் 1,905 நான்கு மாதத்துக்குள் அடங்கவேண்டும், மாதம் 476 சொச்சம். நவம்பரில் என்றால் 952. அந்த நிலைமையில், வருஷக் கடைசியில் போனஸும் இல்லாதவர் என்றால், நண்பனின் வழியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன்.

எந்த வழியில் போனாலும் ஆண்டு வருமான வரிக் கணக்கான பிஇ பாரத்தைத் தாக்கல் செய்தே ஆகவேண்டும். பிடித்ததே இறுதி வரி, பாரம் வேண்டாம் என்ற சலுகை பன்னிரண்டு மாதமும் ஒரே முதலாளியிடம் இருந்தவர்களுக்குத்தான். இ-ஃபைலிங்கில் ரெண்டு இஏவிலும் உள்ள சம்பளத்தைக் கூட்டிப் போடுங்கள், பிசிபியையும் அப்படியே.

பகலில் ஒரு வேலை, ராத்திரியில் டியூஷன் சென்டர் என்று ஒரே நேரத்தில் ரெண்டு முதலாளி இருப்பவர் கதை வேறு. டிபி3 விட்டுவந்த வேலைக்கான பாரம், அவருக்கு அது உதவாது. ரெண்டு இடத்திலும் தனித்தனியாகக் கழிவு போட்டுப் பிடிப்பதால் அங்கேயும் இதே மாதிரி குறையும். எனக்கு அதில் நேரடி அனுபவம் இல்லை. ஆனால் ரெண்டு சம்பளத்தையும் கூட்டி மேலே போட்ட மாதிரி ஒரு கணக்குப் போட்டு, குறையும் தொகையைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் தனிக் கணக்கில் ஒதுக்கி வைப்பதைத் தவிர எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.