பில் தேதிக்கு எந்த வரி விகிதம்? எக்செல் அட்டவணையுடன் சில வருடங்கள்

ஒரு எலக்ட்ரிக்கல் கடைக்கும் ஓர் அழகு நிலையத்துக்கும் கணக்கு எழுதுகிறேன். கடையில் சோலார் வாட்டர் ஹீட்டர், எல்இடி பல்பு, ஏசி எல்லாம் விற்கிறார்கள். ஜிஎஸ்டி வந்த நாளிலிருந்து இந்தப் பொருட்களின் வரி மாறிக்கொண்டேதான் இருக்கிறது. பில் போடும் மென்பொருள் அன்றைய விகிதத்தைப் போட்டுவிடும், அதில் சிக்கலில்லை. பழைய பில்களைச் சரிபார்க்கும்போதும், திரும்பி வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் போடும்போதும்தான் "அந்தத் தேதியில் என்ன விகிதம்?" என்ற கேள்வி வரும். அதற்கு எக்செலில் வைத்திருக்கும் அட்டவணையைப் பற்றித்தான் இந்தப் பகிர்வு. வெவ்வேறு வழிகளில் ஓட்டிப் பார்த்த பிறகு, எது நின்றது, எது நிற்கவில்லை என்று சொல்கிறேன்.

அட்டவணை இவ்வளவுதான்:

```
Code   From         Rate
AC     01-07-2017   28%
AC     22-09-2025   18%
LED    01-07-2017   12%
LED    18-07-2022   18%
SWH    01-07-2017   5%
SWH    18-07-2022   12%
SWH    22-09-2025   5%
```

முதல் பத்தியில் எச்எஸ்என் எண்ணைப் போடாமல் கடையின் சொந்தக் குறியீட்டைப் போட்டிருப்பதற்குக் காரணம் உண்டு. 8419 என்ற நான்கு இலக்கத்துக்குள் சோலார் ஹீட்டரும் இருக்கிறது, வேறு விகிதத்தில் வரும் இயந்திரங்களும் இருக்கின்றன. அந்த எண்ணை மட்டும் வைத்துத் தேடினால் இரண்டும் கலந்துவிடும்.

சோலார் ஹீட்டரின் மூன்று வரிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 5, அப்புறம் 12, திரும்பவும் 5. அட்டவணை சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்க இதைவிடத் தந்திரமான பொருள் கிடைக்காது. பதில் 5 என்று வந்தால், அது 2017 வரியிலிருந்து வந்ததா, 2025 வரியிலிருந்து வந்ததா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது.

ஆரம்பத்தில் எல்லோரையும் போல `IF` தான். ஒரு மாற்றம் வரை அது போதும். இரண்டாவது மாற்றம் வந்ததும் ஒவ்வொரு ஷீட்டிலும் சூத்திரத்தைத் திறந்து நீட்ட வேண்டியிருக்கும், ஒன்றை விட்டால் போச்சு. அதனால் அட்டவணைக்குப் போய், கடைசி இடத்தில் `TRUE` போட்ட `VLOOKUP` பயன்படுத்தினோம். தேதி அப்படியே கிடைக்காவிட்டால் அதற்கு முந்தைய தேதியின் வரியை எடுத்துக்கொள்ளும் என்பதால் வேலைக்குப் பொருத்தமானதுதான். ஆனால் தேதிகள் பழையதிலிருந்து புதியதாக அடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு உண்டு. அலுவலகப் பழக்கமோ நேர்மாறு. புதிய விகிதம் வந்தால் மேலே ஒரு வரி செருகுவார்கள், கண்ணுக்கு முதலில் தெரியட்டும் என்று.

அப்படித் தலைகீழாக இருக்கும் அட்டவணையில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். ஹீட்டருக்கு மட்டும் தனி அட்டவணை, மேலே 22-09-2025, நடுவில் 18-07-2022, கீழே 01-07-2017. `VLOOKUP` நடுவிலிருந்து தேடத் தொடங்கும். 10-10-2023 பில்லைக் கொடுத்தால், நடுவில் இருக்கும் 18-07-2022 அதைவிடச் சின்னது, ஆகவே பதில் இன்னும் கீழேதான் இருக்க வேண்டும் என்று நினைத்து இறங்கும். கீழே 01-07-2017. அதுவும் சின்னது, சரி என்று 5% தரும். வர வேண்டியது 12%. இப்போது 10-10-2025 பில்லைக் கொடுங்கள். அதே பாதையில் இறங்கி அதே 2017 வரியிலிருந்து 5% தரும். இந்த முறை விடை சரி! 2020 பில்லைக் கொடுத்தால் மட்டும்தான் `#N/A` வரும். புது பில்கள் எல்லாம் பொருந்தும், எவரும் பழைய பில்லைத் தொடாதவரை யாருக்கும் சந்தேகமே வராது.

`XLOOKUP` இந்த இடத்தில் நல்ல முன்னேற்றம். பொருந்தும் முறை `-1` என்று கொடுத்தால் அடுக்கு எப்படி இருந்தாலும் முந்தைய தேதியைத் தானே கண்டுபிடிக்கும். ஆனால் எக்செல் 2021 அல்லது 365 வேண்டும். அப்புறம், பல பொருட்கள் ஒரே அட்டவணையில் இருந்தால் பொருளையும் தேதியையும் சேர்த்துத் தேட `FILTER` எல்லாம் கூட்டு சேர்க்க வேண்டியிருக்கும். அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்ளும் சூத்திரமாக அது இருக்காது.

கடைசியில் நிலைத்தது இரண்டு படி முறை. முதல் படியில் விகிதத்தைத் தேடுவதே இல்லை, எந்தத் தொடக்கத் தேதி பொருந்துகிறது என்பதை மட்டும் தேடுகிறோம். இரண்டாவது படியில்தான் விகிதம். அட்டவணையின் பெயர் Rates, பில் ஷீட்டில் A பத்தியில் குறியீடு, C பத்தியில் தேதி:

```
D2: =MAXIFS(Rates[From],Rates[Code],A2,Rates[From],"<="&C2)
E2: =IF(COUNTIFS(Rates[Code],A2,Rates[From],D2)=1,
     SUMIFS(Rates[Rate],Rates[Code],A2,Rates[From],D2),"பார்")
```

D பத்தியை மறைக்காதீர்கள். எனக்கு இந்த முறை பிடித்ததற்குக் காரணமே அந்தப் பத்திதான். 5% என்ற விடைக்குப் பக்கத்திலேயே 22-09-2025 என்று நிற்கும்போது, எந்த வரியிலிருந்து வந்தது என்று ஆடிட்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அடுக்கு மாறினாலும் கவலையில்லை. `MAXIFS` எக்செல் 2019 முதல் இருக்கிறது.

`COUNTIFS` காவல் எதற்கு? `SUMIFS` கூட்டும் குணம் உள்ளது. ஒரே வரியை யாராவது இரண்டு முறை ஒட்டிவிட்டால் 18, 36 ஆகிவிடும். 36 என்றால் கண்ணில் படும், 5 இரட்டித்து 10 ஆனாலும் படும். ஆனால் அட்டவணையில் இல்லாத பொருளுக்கு அது 0 என்று சொல்வதுதான் ஆபத்து. ஏனென்றால் 0% என்பது உண்மையான விகிதமாகவும் இருக்கிறது. 22-09-2025 முதல் பென்சிலுக்கு வரி கிடையாது. "வரி இல்லை" என்பதும் "வரி என்னவென்று தெரியவில்லை" என்பதும் ஒரே 0 ஆகத் தெரியக் கூடாது. காவல் இருந்தால் தெரியாததற்கு "பார்" என்று வரும்.

சிலர் முடியும் தேதிக்கும் ஒரு பத்தி வைப்பார்கள். நான் வைப்பதில்லை. அடுத்த வரியின் தொடக்கம்தானே முந்தையதன் முடிவு? அதை இரண்டு இடத்தில் எழுதினால் என்றாவது ஒருநாள் இரண்டும் ஒத்துப்போகாது. இன்னொரு காரணமும் உண்டு. பில் மென்பொருள் தரும் தேதியில் நேரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். 21-09-2025 இரவு 8 மணி என்பது எக்செலுக்கு 45921-ஐத் தாண்டிய ஒரு தசம எண். முடிவுத் தேதி 21-09-2025 என்று வைத்திருந்தால் அது வெறும் 45921, அதாவது நள்ளிரவு. இரவு 8 மணி பில் எந்த வரியிலும் விழாது. தொடக்கத் தேதி மட்டும் இருந்தால் 45922 வரும்வரை பழைய விகிதம், சிக்கலே இல்லை.

தேதியே தேதியாக இல்லாததுதான் அடிக்கடி வரும் தொல்லை. கணினி அமெரிக்க முறையில் இருந்தால், சிஎஸ்வி கோப்பைத் திறக்கும்போது 07-10-2025 என்பது ஜூலை 10 ஆகிவிடும். ஹீட்டருக்கு 5க்குப் பதில் 12 வரும். 22-09-2025க்கு 22வது மாதம் கிடையாது என்பதால் அது எழுத்தாகவே தங்கிவிடும். ஒரே பத்தியில் சில தேதிகள் இடப்பக்கமும் சில வலப்பக்கமும் ஒட்டி நின்றால் இதுதான் விஷயம். `ISNUMBER` போட்டுப் பார்த்தால் எழுத்தாக நிற்பவை தெரிந்துவிடும். அதில் `TRUE` வந்தவற்றையும் நம்ப வேண்டாம், 12க்கு உட்பட்ட நாட்கள் புரண்டிருக்கும். கோப்பை நேராகத் திறக்காமல், தேதிப் பத்தியை நாள்-மாதம்-வருடம் என்று சொல்லி இறக்குமதி செய்வதுதான் வழி.

சூத்திரம் சரியாக இருந்தும் விடை தவறும் இடம் ஒன்று உண்டு. எந்தத் தேதியைக் கொடுக்கிறோம் என்பது. 20-09-2025 அன்று 24,000 ரூபாய் ஹீட்டர் ஒன்று 12% வரியோடு விற்றதாக வைத்துக்கொள்வோம், வரி 2,880. அக்டோபர் 6 அன்று அது திரும்பி வருகிறது. பில் போடும் தம்பி கேட்பார், "அண்ணே, இன்னைக்கு 5 தானே, 5 போட்டுடவா?" போடக் கூடாது. கிரெடிட் நோட் மூல பில்லைத் திருத்துவது, ஆகவே அதே 12%. 5% போட்டால் 1,200தான் குறையும், மீதி 1,680 ரூபாய் வரி தொங்கலில் நிற்கும். அதனால் C பத்தியில் நான் நேரடியாகத் தேதி தட்டுவதில்லை. மூல பில் தேதி இருந்தால் அது, இல்லாவிட்டால் இந்த பில்லின் தேதி என்று ஒரு `IF` இருக்கிறது.

அழகு நிலையத்தில் இது இன்னும் சுவாரசியம். 22-09-2025 அன்று அந்தச் சேவைகளுக்கு 18% போய், உள்ளீட்டு வரிக் கடன் இல்லாத 5% வந்தது. சேவைகளில் விகிதம் மாறும்போது சட்டத்தின் 14வது பிரிவு மூன்று தேதிகளைப் பார்க்கிறது. வேலை நடந்த தேதி, பில் தேதி, பணம் வந்த தேதி. இவற்றில் இரண்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்த விகிதம். மூன்று தேதிகளில் நடுவில் வரும் தேதியை எடுத்தால் அதுவே விடை, ஆகவே F, G, H பத்திகளில் அந்த மூன்று தேதிகளையும் அதே வரிசையில் வைத்தால் `MEDIAN` போதும்:

```
C2: =MEDIAN(F2,G2,IF(H2="",DATE(2099,12,31),H2))
```

உள்ளே இருக்கும் `IF` அலங்காரமல்ல. ஆவணிக் கடைசியில், செப்டம்பர் 14 அன்று கல்யாண மேக்கப் முடிந்தது, பில் 25 அன்று போட்டார்கள், பணம் இன்னும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பணத் தேதி காலியாக இருந்தால் `MEDIAN` அதைக் கணக்கில் எடுக்காமல் மீதி இரண்டின் சராசரியைத் தரும். அது 19ஆம் தேதி மதியம், அதாவது பழைய 18%. உண்மையில் பில்லும் பணமும் இரண்டுமே 22க்குப் பிறகு, 5% தான் வர வேண்டும். வராத பணம் எப்படியும் இனிமேல்தான் வரும் என்பதால் 2099 என்ற தூரத் தேதியைக் கொடுத்துவிடுகிறோம்.

ஒரே ஒரு குறை இந்த முறையில் எனக்கு இருக்கிறது. சூத்திரம் உயிரோடு இருப்பதால், அட்டவணையில் யாராவது ஒரு பழைய தேதியைத் திருத்தினால் ரிட்டர்ன் தாக்கல் செய்து முடித்த மாதங்களும் சேர்ந்து மாறும். அதனால் மாதம் முடிந்து தாக்கல் ஆனதும் D, E இரண்டையும் மதிப்புகளாக ஒட்டிவிடுகிறேன். பக்கத்தில் இன்னொரு பத்தியில் சூத்திரத்தை ஓட விட்டு, ஒட்டிய மதிப்போடு ஒத்துப்போகாத வரிகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கிறேன். பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். ஏதாவது வந்தால், பில்லை எடுப்பதற்கு முன் அட்டவணையை யார் தொட்டது என்று கேட்பேன்.