அட்வான்ஸ் டாக்ஸைத் தவணைப்படி கட்டுவதா, கடைசியில் கட்டுவதா? ஒரு சின்ன கம்பெனியின் புரொஜெக்‌ஷனில் ஒப்பீடு

வங்கிக்குக் கொடுக்கும் புரொஜெக்‌ஷன்களில் வருமான வரி பெரும்பாலும் ஒரே ஒரு வரிசைதான். வரிக்கு முந்தைய லாபத்தில் 25 சதவீதத்தைக் கழித்து நிகர லாபம் என்று போட்டுவிடுவார்கள். அந்தப் பணம் எந்த மாதம் கணக்கிலிருந்து போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை. ஆனால் லாபத்தைக் கூட்டும் வழி பணத்தைக் குறைக்கலாம், பணத்தைக் கையில் நிறுத்தும் வழி லாபத்தைத் தின்னலாம்.

ஓசூர் பக்கம் மெஷின் உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டில் விற்பனை சுமார் 6 கோடி, வரிக்கு முந்தைய லாபம் 60 லட்சம். அதில் ஒரு பகுதி ஜாப் ஒர்க். 1 கோடியே 5 லட்சம் பில்லிங்குக்கு வாடிக்கையாளர்கள் 2 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்கிறார்கள், ஆக 2.10 லட்சம். பிரிவு எண்களை 1961 வருமான வரிச் சட்டப்படியே சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் வந்துவிட்டதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு எண்களையும் விகிதங்களையும் ஆடிட்டரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்த விகிதம்?

சில கழிவுகளை விட்டுக்கொடுத்துக் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் 115BAA பிரிவில் போனால் 22 சதவீத வரி, அதன்மேல் 10 சதவீத சர்சார்ஜ், மொத்தத்துக்கும் 4 சதவீத செஸ். சேர்த்தால் 25.168 சதவீதம். வழக்கமான முறையில் 25 சதவீதமும் செஸ்ஸும், அதாவது 26 சதவீதம். வருமானம் 1 கோடியைத் தாண்டாததால் இதில் சர்சார்ஜ் இல்லை. 60 லட்சத்துக்கு முதல் வழியில் வரி 15.10 லட்சம், இரண்டாவதில் 15.60 லட்சம். ஐம்பதாயிரம் மிச்சம் என்று முதல் வழியை டிக் அடித்துவிடத் தோன்றும்.

ஆனால் கம்பெனி அந்த ஆண்டு மே மாதம் 50 லட்சத்துக்கு ஒரு புது மெஷின் வாங்கி ஓட்ட ஆரம்பித்திருந்தால் கதை மாறுகிறது. வழக்கமான முறையில் அந்த மெஷினுக்கு 20 சதவீதக் கூடுதல் தேய்மானம் உண்டு, அதாவது 10 லட்சம். 115BAA-இல் அது கிடையாது. மற்றபடி புத்தகத் தேய்மானமும் வருமான வரித் தேய்மானமும் ஒன்றே என்று வைத்தால், வழக்கமான முறையில் வரிக்குரிய வருமானம் 50 லட்சம், கட்ட வேண்டிய வரி 13 லட்சம். (புத்தக லாபத்தின் மீதான குறைந்தபட்ச வரியான மேட் கணக்கில் 9.36 லட்சம்தான் வருகிறது, அதனால் அது குறுக்கே வராது.) 115BAA-ஐ விட 2.10 லட்சம் அதிகமாகக் கையில் நிற்கும்.

நிகர லாபமும் அதே அளவு கூடுமா? கூடாது. அந்த 10 லட்சத் தேய்மானத்தை இப்போதே எடுத்துவிட்டதால் பின்வரும் ஆண்டுகளில் தேய்மானம் அந்த அளவு குறையும், வரி கூடும். கணக்கியல் தரநிலையான ஏ.எஸ். 22 அதை இந்த ஆண்டே டெஃபர்ட் டாக்ஸாக 2.60 லட்சம் எழுதச் சொல்கிறது. 13 லட்சமும் 2.60 லட்சமும் சேர்ந்து மறுபடி 15.60 லட்சம். நிகர லாபம் 44.40 லட்சம். 115BAA-இல் 44.90 லட்சம். பணம் அதிகம் நிற்கும் வழியில்தான் லாபம் குறைவாகத் தெரிகிறது.

டெஃபர்ட் டாக்ஸ் வரிசையே இல்லாத புரொஜெக்‌ஷனில் இந்த வித்தியாசம் தெரியாது. நிகர லாபம் 47 லட்சம் என்று வந்து நிற்கும், ஆண்டு முடிவில் ஆடிட் ஆன கணக்கு 44.40 காட்டும்போது வங்கி மேலாளர் விளக்கம் கேட்பார். ஆண்டுதோறும் மெஷின் வாங்குகிற கம்பெனியாக இருந்தால் நான் வழக்கமான முறையிலேயே இருக்கச் சொல்வேன். வாங்கி முடித்த கம்பெனிக்கு 115BAA நல்லது, ஆனால் ஒருமுறை அதற்குள் போனால் திரும்பி வர முடியாது.

இந்தக் கம்பெனி மெஷின் எதுவும் வாங்காமல் 115BAA-இல் இருக்கிறது என்று கொண்டு அடுத்த கேள்விக்குப் போவோம்.

எப்போது கட்டுவது?

15.10 லட்சத்தில் டி.டி.எஸ். 2.10 லட்சம் போனால் மீதி 13 லட்சம். இதை ஆண்டு முடியும் முன்பே அட்வான்ஸ் டாக்ஸாக ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் மொத்தம் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் 100 என்று கட்ட வேண்டும். ஜூன், செப்டம்பர் தவணைகளில் 12, 36 சதவீதம் வந்துவிட்டாலே, தவணை குறைந்தால் போடும் 234C வட்டி கிடையாது. ஆகவே கம்பெனிக்கு மூன்று வழி: அட்டவணைப்படி முழுசாகக் கட்டலாம், குறைந்தபட்சத்தை மட்டும் கட்டலாம், ஒன்றும் கட்டாமல் அக்டோபரில் ரிட்டர்ன் போடும்போது மொத்தமாகக் கட்டலாம்.

| தேதி | முழுத் தவணை | குறைந்தபட்சம் | கடைசியில் |
|---|---|---|---|
| 15 ஜூன் 2024 | 1.95 லட்சம் | 1.56 லட்சம் | 0 |
| 15 செப்டம்பர் 2024 | 3.90 லட்சம் | 3.12 லட்சம் | 0 |
| 15 டிசம்பர் 2024 | 3.90 லட்சம் | 5.07 லட்சம் | 0 |
| 15 மார்ச் 2025 | 3.25 லட்சம் | 3.25 லட்சம் | 0 |
| 31 அக்டோபர் 2025 | 0 | 0 | 13 லட்சம் + வட்டி |

கடைசியில் கட்டுகிற வழியை “அரசாங்கப் பணத்தில் தொழில் பண்றோம்” என்று பெருமையாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வட்டியைப் போட்டுப் பார்ப்போம். 234C-இல் முதல் மூன்று தவணைக் குறைவுக்கும் மூன்று மூன்று மாதம், மார்ச் தவணைக்கு ஒரு மாதம், மாதம் 1 சதவீதம். அது 65,650 ரூபாய். 90 சதவீதம்கூடக் கட்டாததால் 234B-யும் வரும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதம், 13 லட்சத்துக்கு 91,000. மொத்தம் 1,56,650.

மறுபக்கம், தவணைகளை வங்கியின் ஓவர்டிராஃப்டிலிருந்து, அதாவது ஓ.டி.யிலிருந்து எடுத்துக் கட்டியிருந்தால்? ஓ.டி. வட்டி 10.5 சதவீதம் என்று வைத்தால், அதே காலத்துக்கு வட்டி சுமார் 1.31 லட்சம். இரண்டுக்கும் இருபத்தைந்தாயிரம்தானே வித்தியாசம் என்று தோன்றும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஓ.டி. வட்டி தொழில் செலவு, வரி குறையும். அதனால் கம்பெனிக்கு உண்மையான செலவு சுமார் 98 ஆயிரம். 234B, 234C வட்டிக்கு அந்தக் கழிவு இல்லை, முழுசாக நிகர லாபத்திலிருந்தே போகிறது. ஆக வித்தியாசம் சுமார் 58 ஆயிரம். இந்தக் கம்பெனிக்கு ஓ.டி. வட்டி 16, 17 சதவீதத்தைத் தொட்டால்தான் வரியைத் தள்ளிப்போடுவது மலிவு. தனியார் ஃபைனான்ஸில் 24 சதவீதத்துக்குப் பணம் எடுக்கிறவருக்கு அது நடக்கும், அதை மறுக்க முடியாது.

லாபத்தைவிடப் பெரிய அடி பணத்தில் விழுகிறது. கடைசியில் கட்டும் வழியில் 2025 மார்ச் 31 அன்று ரொக்கம் 13 லட்சம் கூடுதலாகத் தெரியும். பேலன்ஸ் ஷீட்டில் அதே 13 லட்சம் வரிக்கான ஒதுக்கீடாக நடப்புக் கடன் பக்கம் நிற்கும். அதைப் பார்க்காமல் ரொக்க வரிசையை மட்டும் பார்த்தால் கம்பெனி நன்றாக இருப்பதுபோல் இருக்கும். அடுத்த ஆண்டு லாபம் 75 லட்சம், டி.டி.எஸ். 2.40 லட்சம் என்று வைத்து, அந்த ஆண்டிலிருந்து ஒழுங்காகக் கட்ட முடிவெடுத்தால், செப்டம்பர் 15-க்குள் 7.41 லட்சம் போக வேண்டும். அக்டோபரில் பழைய பாக்கி 14.57 லட்சம். ஜூன் முதல் அக்டோபருக்குள் 22 லட்சம். தீபாவளி போனஸும் அந்தச் சமயத்தில்தான்.

சரி, குறைந்தபட்சம் கட்டும் வழி? ஜூனில் 39 ஆயிரம் மூன்று மாதத்துக்கும், செப்டம்பர் முதல் டிசம்பர் வரை 1.17 லட்சமும் கையில் நிற்கும். ஓ.டி. வட்டியில் மிச்சமாவது சுமார் 4,100 ரூபாய். ஆனால் 12, 36 சதவீதத்தை நம் மதிப்பீட்டோடு ஒப்பிடுவதில்லை, கடைசியில் ரிட்டர்னில் காட்டும் வருமானத்தின் வரியோடு ஒப்பிடுகிறார்கள். நவம்பருக்குப் பிறகு ஆர்டர் கூடி லாபம் 70 லட்சம் ஆகிவிட்டது, டிசம்பர் தவணையிலேயே அதைச் சேர்த்துக் கட்டிவிட்டோம் என்று கொள்வோம். நிகர வரி 15.52 லட்சம். ஜூனில் கட்டிய 1.56 லட்சம் இப்போது 10 சதவீதம்தான், செப்டம்பர் வரைக்குமானது 30. இரண்டும் வரம்புக்குக் கீழே. அப்புறம் வட்டி 12-ஐ வைத்துப் போடமாட்டார்கள், 15, 45 சதவீதத்திலிருந்து எவ்வளவு குறைவோ அதற்கெல்லாம். சுமார் 9,200 ரூபாய். முழுத் தவணை கட்டியவருக்கு ஜூன் 12.6, செப்டம்பர் 37.7 சதவீதம், ஒரு பைசா வட்டி இல்லை. லாபம் 72 லட்சம் வரை போனாலும் அந்த இரண்டு தவணையும் தாங்கும். 4,100 ரூபாய்க்காக அந்த இடைவெளியை விட்டுக்கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. லாபம் நிச்சயமாகத் தெரிகிற, ஒப்பந்த வருமானம் மட்டுமே உள்ள கம்பெனி என்றால் வேறு விஷயம்.

ஷீட்டில் எப்படிப் போடுவது?

வரியைப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் போடுவதைப் பலர் குறை சொல்வார்கள். உண்மையில் அது அவ்வளவு ஆபத்தில்லை. செப்டம்பர் முடிவில் அது 6.50 லட்சம் போனதாகக் காட்டும், நிஜத்தில் போனது 5.85 தான். டிசம்பர் முடிவில் இரண்டும் 9.75. ரொக்கத்தைக் கொஞ்சம் குறைத்தே காட்டுகிறது, அவ்வளவுதான்.

தவறு நடக்கும் இடம் டி.டி.எஸ். வசூல் வரிசையில் பில் தொகையை முழுசாகப் போட்டுவிட்டு, வரி வரிசையில் டி.டி.எஸ். கழித்த 13 லட்சத்தைப் போட்டால் ரொக்கம் 2.10 லட்சம் ஊதிப்போகும். வசூலை டி.டி.எஸ். போக எழுதி, வரியை 15.10 லட்சமாக எழுதினால் அதே தொகை இரண்டு தடவை போகும். கண்டுபிடிப்பது சுலபம்: ரொக்க வரிசையில் ஆண்டு முழுதும் போன வரியையும் டி.டி.எஸ்ஸையும் கூட்டினால், பாக்கி வைக்காத ஆண்டில், லாப நஷ்டக் கணக்கின் நடப்பு வரியோடு ஒத்துப்போக வேண்டும்.

தவணையை நிலையான தொகையாக அடிக்காமல், ஏற்கெனவே கட்டியதைக் கழிக்கும் சூத்திரமாகப் போடுங்கள். `B10` ஆண்டின் மொத்த வரி, `B11` டி.டி.எஸ்., `C12`, `D12` ஜூன், செப்டம்பரில் கட்டியவை என்றால் டிசம்பருக்கு:

```
=MAX(0, 75%*(B10-B11)-SUM(C12:D12))
```

லாப மதிப்பீட்டை டிசம்பரில் மாற்றினால் விட்டுப்போனதும் சேர்ந்தே வரும். மார்ச் 15-க்குப் பிறகும் லாபம் கூடினால் மார்ச் 31-க்குள் கட்டுவதும் அட்வான்ஸ் டாக்ஸாகவே கணக்கில் வரும். கடைசித் தவணையின் ஒரு மாத 234C வட்டி போகும், ஆனால் மொத்தம் 90 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் 234B வராது. அதனால் மார்ச் கடைசி வாரத்துக்கென்று வரி வரிசையில் இன்னொரு கட்டம் விட்டு வையுங்கள்.